பந்திக் கூடத்தில் ஒரு கேமரா

கல்யாண வீடியோவுக்கு ஒப்புக்கொண்டதும் நான் முதலில் கேட்பது, "யார் அழுவாங்க?" என்பதைத்தான். சிலர் சிரிப்பார்கள், சிலர் முறைப்பார்கள். முறைத்தால் முறைக்கட்டும். தாலி ஏறும் நொடியில் யார் முகம் வேண்டும் என்று முன்பே தெரியாவிட்டால், கேமரா மேளக்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

நானும் என் கணவரும் சேர்ந்து பார்க்கிற தொழில் இது. கடிகாரத்தை நம்பித் திட்டம் போடுவதில்லை. ஐயர் ஒரு நாள் இழுப்பார், ஒரு நாள் ஓடுவார். அதனால் எதற்குப் பின்னால் எது வரும், அப்போது எந்தக் கேமரா எங்கே என்றுதான் எழுதிக்கொள்வேன்.

அப்படித்தான் தாராவியில் அந்த மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து கேட்டேன்: "நாத்தனார் முடிச்சு யாரு போடுறாங்க?"

முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் அவர் சகோதரி. அவர் பெண்ணுக்குப் பின்னால் நிற்பார் என்பதால், முன்னால் இருக்கும் கேமராவுக்கு அந்தக் கைகள் தெரியாது. பக்கவாட்டில் இன்னொன்று வேண்டும். அதற்காகக் கேட்ட கேள்வி. எல்லோர் கண்ணும் மாப்பிள்ளையின் அக்கா பக்கம் போனது.

அப்பா, அம்மா போன பிறகு மாப்பிள்ளையை வளர்த்தது அவர்தான். அக்காவின் கணவரும் இறந்துவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எம் மக போடுவா" என்றார்.

"ஆமா, அவதான் போடணும்" என்றார் அக்கா. முந்திக்கொண்டு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளர்க்க மட்டும் ஆகும், முடிச்சுக்கு ஆகாதாக்கும். ஆனால் நான் கேமராக்காரி. வாயை மூடிக்கொண்டு, முகூர்த்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார் என்று மட்டும் கேட்டேன்.

"கீழ பந்தியப் பாக்க ஒரு ஆள் வேணும்லா. அங்கன இருப்பேன்."

மாப்பிள்ளை தெருமுனை வரை என்னுடன் வந்தார். மும்பைப் பழக்கத்தில் என்னை இந்தியில் தீதி என்றுதான் கூப்பிடுவார். "தீதி, பெரியப்பாட்ட பேசிப் பாத்துட்டேன். அக்காவே கேக்க மாட்டேங்கு. முடிச்சு போடும்போது அக்கா மூஞ்சி எனக்கு வேணும். ஒருக்க விட்டா திரும்ப வராது."

எங்களிடம் இருந்தது இரண்டே கேமரா. மாலை மாற்றுவதைத் திரும்பச் செய்யச் சொல்லலாம், தாலியைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியுமா? வீட்டில் என் கணவரும் நானும் மேடையைத் தாளில் வரைந்து மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் அவர் கேமராவை மேடையின் ஓரத்துக்கு நகர்த்தினோம். பெண்ணின் முகம் அதில் பாதிதான் கிடைக்கும், ஆனால் எல்லாக் கைகளும் தெரியும். என் கேமரா கீழே. மறுநாள் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "என்னத்தையும் எடுத்துக்கோங்க, மேடைக்கு மட்டும் கூப்பிடாதீங்க" என்றார்.

செம்பூரில் கல்யாணம். மாடியில் மேடை, கீழ்த்தளத்தில் பந்தி. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக மேடையை விட்டு இறங்கியதும் நான் கிளம்பினேன். அது சபையைச் சுற்றித் திரும்புவதற்குள் கீழே போய்விட வேண்டும்.

"ஏம்மா, தாலி கட்டுத நேரத்துல கேமராவத் தூக்கிட்டு எங்க போற?" என்று பெரியப்பா கத்தினார். நான் நிற்கவில்லை. படியிறங்கும்போது ஒன்றுதான் கவலை. மேலே யாராவது எழுந்து என் கணவரின் கேமராவை மறைத்துவிட்டால் தாலியே இல்லாத வீடியோதான்.

பந்திக் கூடத்தில் இலைகள் போட்டிருந்தன. அக்கா தனியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். மேலே கெட்டி மேளம் முழங்கியது. அவர் ஜக்கைக் கீழே வைத்தார். அழவில்லை. முந்தானை நுனியைப் பிடித்து ஒரு முடிச்சு போட்டார். அதன்மேல் இன்னொன்று. இழுத்து இறுக்கினார். முதல் முடிச்சைத் தம்பி போட்டிருப்பான் என்று அவருக்குத் தெரியும். பிறகு ஜக்கை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார்.

இரண்டு கேமராவிலும் அதே மேளம் பதிவாகியிருந்தது. அந்தச் சத்தத்தை வைத்து இரண்டு படங்களையும் நேராகப் பொருத்தினேன். திரையில் மேலே பெரியப்பா மகளின் கைகள், கீழே அக்காவின் கைகள். பொருத்தும்போது நான் அழுதேன், மறைப்பானேன்.

கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து மாப்பிள்ளை எங்கள் கடைக்கு வந்து வீடியோவைப் பார்த்தார். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். பார்த்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். எடுத்த எடுப்பில் கேட்டார்:

"யக்கா, அந்தச் சேலைல போட்ட முடிச்ச அவுத்துட்டியா?"

"இல்லலே" என்றார் அக்கா.