சண்முகவடிவு மூடிய குழாய்

பாளையம்பட்டிக் கடைக்கார வீட்டில் பிறந்து, சென்னையில் பல் டாக்டருக்குப் படித்த சண்முகவடிவுக்கு ஒரு பழக்கம். தண்ணீர் சும்மா ஓடினால் அவள் கை தானாகப் போய்க் குழாயை மூடிவிடும். பாலவனத்தத்துக்காரனான எனக்கும் அது உண்டு. வறண்டு கிடக்கும் எங்கள் ஊர்க் கிணறுகளைப் பார்த்தவர்கள் யாரும் இதைக் குறை சொல்லமாட்டார்கள்.

1973இல் நாங்கள் இருவரும் இங்கிலாந்தில் ஒரே ஆஸ்பத்திரியில் பல் டாக்டர்களாக இருந்தோம். வெளிநாட்டில் படித்தவர்கள் என்பதால் எங்களுக்குத் தற்காலிகப் பதிவுதான். அந்த ஆஸ்பத்திரிக்குள், பெரிய டாக்டரின் மேற்பார்வையில் மட்டுமே பல்லைத் தொடலாம். தனியாக வைத்தியம் பார்க்க முழுப்பதிவு வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, கடைசியாக நோயாளியை உட்காரவைத்துச் செய்துகாட்டும் தேர்வு. சண்முகவடிவின் வேலை முடிய இரண்டு மாதமே இருந்தது. தேறாவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

செய்முறைத் தேர்வில் எங்கள் நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில். அவளுடைய நோயாளி ஒரு வயதான அம்மாள். சொத்தையைக் குடைந்து அடைக்கவேண்டும். வாய் கொப்பளித்துத் துப்பும் கிண்ணத்தில் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருந்தது. வடிவின் கை போய் மூடிவிட்டது. துளைக்கருவிக்கும் அதே குழாயிலிருந்துதான் தண்ணீர். தண்ணீர் பீய்ச்சாமல் அந்த வேகத்தில் குடைந்தால், சூட்டில் பல்லின் நரம்பு செத்துப்போகும்.

கருவி பல்லில் பட்டு ஒரு நொடிதான் இருக்கும். சட்டென்று எடுத்துவிட்டாள். தேர்வாளர்கள் அப்போது என் நோயாளியின் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நானாக இருந்தால் குழாயைத் திறந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன், வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

அவள் கையைத் தூக்கித் தேர்வாளரைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாளிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். குளிர்மருந்தில் நனைத்த பஞ்சைப் பல்லில் வைத்து நரம்புக்கு உயிர் இருக்கிறதா என்று சோதித்தாள். இருந்தது. மீதிச் சொத்தையைக் கைக்கருவியாலேயே சுரண்டி, நரம்பு ஆறுவதற்கு மருந்து வைத்து மூடினாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. நிரந்தர அடைப்பு வைக்கவில்லை.

நான் தேறினேன். அவள் தேறவில்லை. முடிக்காத வேலைக்கு மதிப்பெண் இல்லை என்பது சட்டம்.

"ஏன் வடிவு வாயத் தொறந்த? ஒருத்தரும் பாக்கலயே?" என்று கத்தினேன்.

"அந்த அம்மாவுக்குப் பல்லு இருக்குல்லண்ணே, அது போதும். பரீட்சய மறுக்கா எழுதிக்கிறேன்" என்றாள்.

பெரிய டாக்டர் விஷயத்தைக் கேட்டதும், அவள் வேலையை ஆறு மாதம் நீட்டிக்க எழுதினார். பழையபடி அவர் பக்கத்தில் நிற்க, வடிவு நோயாளிகளைப் பார்த்தாள்.

அந்த மாதமே எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி எடுத்தது. முழுப்பதிவு பெற்ற டாக்டர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். நான் வரிசையில் காத்திருந்து, சண்முகவடிவின் நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தேன்.