ரிப்போர்ட்டில் எல்லாம் சரி

முதல் நாள் நோயாளி வருவார், ரிப்போர்ட் காட்ட வீட்டில் வேறு யாராவது வருவார்கள். அடையாறில் என் கிளினிக்கில் அதுதான் வழக்கம். பிழைப்பை விட்டுவிட்டு ரெண்டு தடவை வர யாருக்கு முடிகிறது? நானும் தாளைப் பார்த்தே மருந்து எழுதிவிடுவேன். அப்படித்தான் ஒருத்தி செத்துப்போனாள். என்னால்தான்.

மார்க்கெட் வாசலில் மீன் விற்கிறவள். நாற்பது வயது இருக்கும். ஒன்றுக்குப் போனால் எரிகிறது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் முட்டிக்கொண்டு வருகிறது என்றாள். காய்ச்சல் இல்லை, முதுகு வலி இல்லை, சுகர் இல்லை, கர்ப்பமும் இல்லை. ஒதுங்க இடமில்லாததால் பகலெல்லாம் தண்ணியே குடிப்பதில்லையாம். சாதாரண மூத்திரப்பைத் தொற்று. போன வாரமே மருந்துக்கடையில் சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போட்டிருக்கிறாள், கேட்கவில்லை. அதனால் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்க யூரின் கல்ச்சர் எழுதினேன். எரிச்சல் தாங்குகிற அளவில்தான் இருக்கிறது என்றாள். சரி, ரிப்போர்ட் வரட்டும், நிறையத் தண்ணி குடி என்று அனுப்பினேன். காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வா என்று சொல்ல விட்டுப்போச்சு.

மூன்றாம் நாள் மகள் ரிப்போர்ட்டோடு வந்தாள். ஈ.கோலை கிருமி, ஒரு லட்சத்துக்கு மேல் காலனி. சிப்ரோவுக்கு எதிரே ஆர், அதற்குக் கிருமி மசியாது. நைட்ரோஃபுரன்டாயினுக்கு எதிரே எஸ், அதற்கு அடங்கும். நான் நினைத்தது சரியாகிவிட்டதில் எனக்கு ஒரே பெருமை. எஸ்ஸைச் சுற்றி வட்டம் போட்டு, கண்ட மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது என்று அந்தப் பெண்ணுக்குப் பாடம் வேறு எடுத்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்டதும், அஞ்சு நாள். அம்மா எப்படி இருக்கா என்று ஒப்புக்குக் கேட்டு வைத்தேன்.

"படுத்துக்கினு கீது டாக்டரம்மா."

வியாபார நேரத்தில் மீன்காரி ஏன் படுத்திருக்கிறாள்? அடிப்பாவி, அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லையே. கேட்டிருந்தால் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே வலி, வாந்தி என்று எல்லாம் வெளியே வந்திருக்கும். நான் எழுதிய நைட்ரோஃபுரன்டாயின் மூத்திரத்தில்தான் சேரும். சிறுநீரகத்தின் சதைக்குள் போதுமான அளவு போகாது. தாளில் இருந்த எஸ் மூத்திரப்பைக்குத்தான் பொருந்தும், கிருமியோ அதற்குள் மேலே ஏறிவிட்டது. அன்றைக்கே அவளை ஊசி மருந்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

மூன்று நாள் வேளை தவறாமல் மாத்திரை போட்டிருக்கிறாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கிருமி ரத்தத்தில் பரவி பிரஷர் இறங்கியிருந்தது. மறுநாள் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டுகிறவர்களிடம் எரிந்து விழுகிறேன், ஆளைக் கூட்டி வா, இல்லை போனிலாவது பேசச் சொல் என்று. கல்ச்சர் தாளைப் பிரிக்கும்போது அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கப் பயம்.

காரியம் முடிந்து மகள் வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பேன். மிச்சமிருந்த நாலு மாத்திரையை மேஜைமேல் வைத்தாள், வேறு யாருக்காவது ஆகும் என்று.

"நீ கரீட்டாத்தான் எழுதிக் குடுத்தே டாக்டரம்மா. அம்மா ஒடம்புதான் ஏத்துக்கல."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.