தலைக்கோடு போடாத ஓலை

நான் ஓலையைக் கிழித்த கதையை என் மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். கேட்காமல் விட்டுப்போன பிள்ளைகளுக்கு நானே சொல்லிவிடுகிறேன். அவள் சொன்னால் மசாலா கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

அந்தமான் சிப்பிகாட்டில் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பிறந்தால் பனையோலையில் ஜாதகம் எழுதித் தருவது என் வேலை. ஓலை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும். எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம் இருந்தது. அவர்களுடைய மகளும் என் மகளும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். அந்தப் பெண்ணின் அப்பாவுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்துவிட்டது.

என் மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ம்மா, அவ என்னை பூல் ஜாயேகி. மறந்துருவா. ஒரு ஓலைல 'ஜல்தி வாபஸ் ஆனா'ன்னு எழுதிக் குடும்மா. இந்தியில, ஸ்கூல்ல படிக்கிறோமே அதுல. அவளுக்குத் தமிழ் நஹி ஆதா, வராது."

சீக்கிரம் திரும்பி வா என்று எழுத வேண்டும், அவ்வளவுதானே? ஆபீசுக்கு மனு எழுதி எழுதி எனக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. சரி என்றேன். வாய்க்கொழுப்பு!

ஓலை அப்படியே எழுத ஆகாது. ரொம்ப இளசானால் சுருங்கும், முற்றிப்போனால் ஒடியும். நடுத்தரமாகப் பார்த்து, ஈர்க்கை உரித்துப் போட்டு, ஒரே அளவாக நறுக்கினேன். மஞ்சள்தூள் போட்ட தண்ணீரில் வேகவைத்தேன். மஞ்சள் போட்டால் பூச்சி அண்டாது. பிறகு நிழலில் உலர்த்த வேண்டும், வெயில் பட்டால் முறுக்கிக்கொள்ளும். ஆனால் எங்கள் தீவு மழைக்கு நிழலென்ன, வெயிலென்ன! ஓலையெல்லாம் பூஞ்சை பூத்துவிட்டது. தேறியது இரண்டே இரண்டு. அவற்றைச் சோழியால் மகள் தேய் தேய் என்று தேய்த்தாள். கன்னம் மாதிரி வழவழவென்று வந்தன.

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் எழுத உட்கார்ந்தேன். இடது கையில் ஓலை. அந்தக் கைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு சின்ன வெட்டு வைத்திருக்கிறேன், அதில் எழுத்தாணி சாய்ந்து நிற்கும். வலது கை எழுத்தாணியைப் பிடித்துக் கீறும். கை ஓடாது, ஓலைதான் இடப்பக்கமாக நகரும். முதல் வார்த்தை அழகாக விழுந்தது. இந்தி எழுத்துக்கு மேலே ஒரு நீளக் கோடு போட வேண்டுமே, அதையும் ஒரே இழுப்பாக இழுத்தேன்.

சர்ர்ர்.

"ம்மா! ஃபட் கயா! கிழிஞ்சு போச்சு!"

ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அதே வழியில் இரும்பு முனையை அழுத்தி இழுத்தால் பிளக்காமல் என்ன செய்யும்? தமிழ் எழுத்து வளைந்து வளைந்து போகும், நேர்க்கோடு இருந்தாலும் துண்டு துண்டாகத்தான் வரும். இத்தனை நாள் எனக்கு அந்தச் சங்கடமே வந்ததில்லை. எரிச்சலில் எழுத்தாணியையே திட்டினேன். அது பாவம், என்ன செய்யும்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனசு கேட்கவில்லை. மிச்சம் ஒரே ஓலை.

"ஏட்டி, கோடே போடாம எழுதுறேன்."

"கோடு போடலன்னா மிஸ் மார்க் குறைப்பாங்க. அவளுக்குப் படிக்க வராதும்மா."

"வராட்டா நீ சொல்லிக் குடு."

"கப்பல்ல நானா கூட இருப்பேன்?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேல்கோடு இல்லாமல் ஒவ்வொரு எழுத்தாகக் கீறினேன். ஓலை தாங்கியது. கீறியது கண்ணுக்கே தெரியவில்லை. விளக்குக்கரியை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசி, துணியால் துடைத்ததும் கீறலில் மட்டும் கறுப்பு தங்கி எழுத்து எழுந்து நின்றது. ஓரத்தில் துளையிட்டு நூல் கோத்தேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டார் ஜீப்பில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் மகள் ஓலையை நீட்டிவிட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் புரட்டிப் பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள்.

"ஜல்... தீ..." அப்புறம் சிரித்துவிட்டாள். "ஜல்தி வாபஸ் ஆனா!"

அவளுடைய அம்மா ஓலையைப் பெட்டியில் வைக்கக் கை நீட்டினாள்.

"சாமான் மே நஹி," என்று அந்தப் பெண் ஓலையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "ஹாத் மே." பெட்டியில் இல்லை, கையிலேயே வைத்துக்கொள்வாளாம்.

ஜீப் கிளம்பியது. ஜன்னலிலிருந்து அவள் கத்தி வாசித்துக்கொண்டே போனாள். என் மகள் அழுதபடியே குதித்தாள். நான் எழுதிய ஓலைகளெல்லாம் மஞ்சள் துணியில் சுற்றி அலமாரிக்குள் போய்விடும். யாரும் அவற்றை என் எதிரில் வாசித்ததில்லை. அன்றைக்குத் தெருவே கேட்கும்படி ஒருத்தி வாசித்துக்கொண்டு போனாள், அதுவும் கோடு இல்லாத இந்தியில்.