தை மாதத்து 6.42

வேலையாட்கள் பதிவேட்டில் இப்படி இருக்கிறது: "தங்கபாய். வயது 34. வேலை: தாள் மடிப்பு. கல்வி: இல்லை. குணம்: அடக்கம்." எழுதியவர் வயதை மட்டும் சரியாக விசாரித்திருக்கிறார்.

சாலைக் கடைத்தெருவின் அந்தப் பஞ்சாங்க அச்சகத்தில் ஈய அச்செழுத்தில் எண்களை எல்லாம் கோத்தவள் தங்கபாய்தான். பதினோரு வருஷம் உதய அஸ்தமன அட்டவணையைக் கோத்ததில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதன் நடை அவளுக்குப் பிடிபட்டிருந்தது. அஸ்தமனத்திலிருந்து உதயத்தைக் கழித்துப் பகல் பொழுதைப் பார்த்த பிறகுதான் ஒரு வரியை நம்புவாள்.

1952 ஆடியில் தகராறு வந்தது. வலியசாலைக் கணிதர் வெங்கடகிருஷ்ணன் அட்டவணையைக் கொடுத்துவிட்டுக் காசிக்குப் போயிருந்தார். டிசம்பர் 22க்கு உதயம் 6.31, அஸ்தமனம் 6.09. ஜனவரி 21க்கு உதயம் 6.42, அஸ்தமனம் 6.24. முதலாளி பூதலிங்கம் இதைப் பார்த்துப் பதறிப்போனார். உத்தராயணம் பிறந்த பின் சூரியன் தாமதிப்பதாவது! கணிதருக்குக் கை தவறிவிட்டது என்று தீர்மானித்து, 6.42ஐ அடித்து 6.20 ஆக்கினார். சாஸ்திரத்தின் மேல் பக்தி அதிகமாகிக் கணக்கைக் கெடுத்த நல்ல மனிதர்.

தங்கபாய் கோக்க மறுத்தாள்.

"பொங்கலுக்குப் பொறவு பகல் வளருமா, வளராதா? அதைச் சொல்லு" என்றார்.

"வளரும் மொதலாளி. காலத்த பக்கம் இல்ல, அந்திப் பக்கம். உதயம் பதினோரு நிமிஷம் பிந்துது, அஸ்தமனம் பதினஞ்சு பிந்துது. மிச்சம் நாலு. அவ்வளவுதான் வளர்ச்சி."

பகல் 11 மணி 38 நிமிஷத்திலிருந்து 11 மணி 42 ஆகிறது. உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவில் விழும் உச்சிப்பொழுதே கடிகாரத்தில் 12.20லிருந்து 12.33க்குத் தள்ளிப்போகிறது. கடிகாரம் ஒரே நடையில் போகும், சூரியன் போகாது. உச்சி நகர்ந்தால் உதயமும் கூடவே நகரத்தான் வேண்டும். இதையெல்லாம் அவள் விரல் மடக்கிச் சொன்னாள்.

அவர் திருத்தத்தின்படி பகல் 12 மணி 4 நிமிஷமாகிவிடும் என்பதையும் காட்டினாள். "இந்த ஊரில ஆறு மாசம் முழுக்க வளர்ந்தாலும் ஒரு மணிக்கூறுதான். உங்க தை ஒரே மாசத்தில இருபத்தாறு நிமிஷம் வளர்ந்திருக்கு. அதுக்கு என்ன தீனி போட்டீங்க?"

அச்சு இயந்திரத்துக்குப் பின்னால், அதை ஓட்டும் நெல்லையப்பன் சிரித்துவிட்டான். அதுதான் வினையாயிற்று. முதலாளி அவனிடமே பக்கத்தைக் கொடுத்தார். அவன் சிரிப்பை விழுங்கிவிட்டு 6.20 கோத்து, பக்கத்தை இரும்புச் சட்டத்தில் இறுக்கிப் பாரத்தைப் பூட்டினான். அவளிடம், அடங்காவிட்டால் நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்றார் முதலாளி.

"நாளைக்கு வரல்ல. ஆனா வருஷம் முழுக்க ஊரு பாக்குற பக்கம் தப்பாப் போவாது" என்றாள்.

அவர் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட வீட்டுக்குப் போனார். தங்கபாய் பாரத்தின் பூட்டைத் தளர்த்தி, 6.20ஐ எடுத்துவிட்டு 6.42 கோத்து, மறுபடி பூட்டி, நெல்லையப்பன் ஓட்டி இரண்டாயிரம் பிரதியும் அச்சேறி முடியும்வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றாள்.