மழைக்கு முன் ஒரு மெயில்

தாணேயில் எங்கள் குடியிருப்பின் செயலாளர் சுலபா, மொட்டைமாடியில் வாட்டர்ப்ரூஃபிங் தொடங்குமுன் கான்ட்ராக்டர் தாவ்டேவுக்கு மெயில் அனுப்பினாள். கைப்பிடிச்சுவர் ஓரமும் வடிகுழாய் வாயும் வேலையில் சேர்த்தி. வாரண்டி பத்து வருடம். ஓடு பதிக்குமுன் மூன்று நாள் மாடியில் தண்ணீர் கட்டி, கீழே கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். இதற்குச் சம்மதம் என்று பதில் வந்தபிறகே வேலை தொடங்கலாம்.

பதில் வரவில்லை. மழைக்கு மூன்று வாரம்தான். நிமிடத்துக்கொரு தரம் போனைப் பார்த்தாள்.

"ஒழுகப்போறது என் வீடு, மெயிலாவது மண்ணாவது!" என்று மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருக்கும் கோட்போலே கத்தினார்.

தாவ்டே போன் செய்தார். "ஒரு நாள் தண்ணி போதும் தாயி. நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு தாதா," என்று மராத்தியில் அண்ணன் முறை வைத்தே சொன்னாள் சுலபா. "மூணு நாள்னு எழுதி அனுப்பிட்டு ஆளுங்களை ஏத்துங்க."

மறுநாள் சம்மதம் வந்தது. வேலை முடிந்து தண்ணீர் கட்டினார்கள். மூன்றாம் நாள், வடிகுழாய்க்கு நேர் கீழே, கோட்போலே வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்தது. தாவ்டே மறுபேச்சின்றி அந்த இடத்தை உடைத்துப் பூசினார். அடுத்த சோதனையில் கூரை காய்ந்தே இருந்தது.

ஆனாலும் முதல் மழையன்று சுலபா நான்கு தடவை மாடியேறிப் பார்த்துவிட்டு வந்தாள்.