மருமகனைக் கொண்டு கேட்ட கேள்வி

எங்கள் டாக்டருக்குத் தமிழில் இரண்டு வார்த்தைதான் தெரியும்: நாக்கு, நீட்டு. கால் வீங்கி வந்தவரும் முதலில் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் காலைக் காட்ட வேண்டும். தெற்கிலிருந்து கல்முனைக்கு மாற்றலாகி வந்த சிங்களவர். சுறுசுறுப்பானவர், நல்லவர், எதையும் அவசரமாகச் செய்பவர். நோயாளியோடு இங்கிலீஷ் தெரிந்த உறவுக்காரர் யாராவது வந்துவிட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். அப்படி யாரும் வராவிட்டால் மருந்து கலக்குபவரோ, வார்டைக் கூட்டும் பெண்ணோ, நானோ, முதலில் கண்ணில் படுகிறவர் அகப்பட்டுக்கொள்வார்.

நான் பெண்கள் வார்டில் தாதியாக, ஊரார் வாயில் ‘மிஸ்ஸி’யாக, இருந்தேன். ஊர் கல்முனைதான். கொழும்பில் பயிற்சி முடித்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் சொந்த ஊருக்கே வேலைக்கு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அப்போதே பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள நான் என்றும் முயன்றதில்லை.

ஒருநாள் மருதமுனையிலிருந்து ஒரு முஸ்லிம் பெண்ணைக் கொண்டுவந்து எங்கள் வார்டில் சேர்த்தார்கள். நாற்பதைத் தாண்டியவர், தறி நெய்பவர். கணவர் இறந்து சில வருடங்கள். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பு என்பதே இல்லை. கட்டிலில் எழுந்து உட்காருவதற்குள் மூச்சு வாங்கியது. மகளுக்குக் கைக்குழந்தை, அதனால் மருமகன்தான் கூட வந்திருந்தார். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஒரு அலுவலகத்தில் கிளாக்கர், வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். டாக்டருக்கு அவரைக் கண்டதும் பிடித்துவிட்டது.

அங்கெல்லாம் வீடு மகளுக்குத்தான். கல்யாணம் முடித்தவர் பெண் வீட்டில் வந்து இருப்பார். ஒரே கூரைதான், ஆனாலும் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பது அபூர்வம். சோறு வைத்தாயிற்று என்பதைக்கூட மாமி கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லி, மகள் அவரிடம் சொல்வாள். அதுதான் மரியாதை. இப்படிப்பட்ட இரண்டு பேரை டாக்டர் ஒரு கட்டிலின் தலைப்பக்கமும் கால்பக்கமுமாக வைத்து வைத்தியம் தொடங்கினார்.

அந்தப் பெண் முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். காய்ச்சல், இருமல், சாப்பாடு என்று டாக்டர் கேட்கக் கேட்க, மருமகன் ஒழுங்காகத் தமிழில் கேட்டு ஒழுங்காக இங்கிலீஷில் சொன்னார். பிறகு டாக்டர் கேட்டார்: “இரத்தம் ஏதாவது போகிறதா? மாதவிலக்கு எப்படி?”

மருமகனின் காது சிவந்தது. ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

“மாமி, வேற ஏதும் வருத்தம், நோய்நொடி இரிக்கா?”

சுவரைப் பார்த்தபடியே தலை இல்லை என்று ஆடியது.

“இல்லை, டாக்டர்” என்றார் மருமகன். வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அந்தப் பெண் சேலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நோயாளியின் விவரம் எழுதும் கட்டில் டிக்கட்டில் டாக்டர் எழுதினார்: இரத்தப்போக்கு இல்லை, நோயாளி பரிசோதனைக்கு மறுக்கிறார்.

அடுத்த கட்டிலுக்குப் போகும் வழியிலேயே நான் பிடித்துக்கொண்டேன். “டாக்டர், நீங்கள் கேட்ட கேள்வியை அவர் கேட்கவே இல்லை.”

“அவர் படித்தவர். எதற்காகப் பொய் சொல்லப்போகிறார்?”

“பொய் சொல்லவில்லை. மாமியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு வாய் வராது. கேட்டிருந்தாலும் அவருக்கு முன்னால் இந்த அம்மாவுக்கு வாய் வந்திருக்காது.”

டாக்டர் வரிசையாக இருந்த கட்டில்களைக் காட்டினார். பார்க்க எத்தனை பேர் இருக்கிறார்கள் பார் என்பது அதன் பொருள். மலத்தைச் சோதித்ததில் பூச்சி முட்டை இருந்தது. இரத்தசோகைக்குக் காரணம் கிடைத்துவிட்டது, இரும்பு மருந்து கொடுத்துத் தேற்றிப் பிறகு பூச்சி மருந்து கொடுக்கலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கரையில் வெறுங்காலோடு நடந்த யாரைச் சோதித்தாலும் பூச்சி முட்டை இருந்திருக்கும். எல்லாரும் இப்படி வெளுத்துப்போய்க் கிடக்கவில்லையே.

விடுவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தேன்.

மறுநாள் விடிய வார்டுக் கிணற்றடியில் அந்தப் பெண்ணைக் கண்டேன். நடக்கவே முடியாதவர், சுவரைப் பிடித்துப் பிடித்து அதுவரை போயிருக்கிறார். பழந்துணிகளை அலசிக்கொண்டிருந்தார். ஓடிய தண்ணீரின் நிறத்தைப் பார்த்தபின் எனக்குக் கேட்க எதுவுமில்லை. வாளியை வாங்கி மீதியை நான் அலசினேன். அவர் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“எவ்வளவு காலமா உம்மா?”

“போன நோன்புக்கு முந்தியே தொடங்கிட்டு மிஸ்ஸி.” மெல்லிய குரல். “வயிறும் பெருத்திரிக்கி. புருசன் மௌத்தான பொம்புள நான். வயிறு பெருத்து இரத்தமும் போகுதெண்டா ஊரு என்னத்தக் கதைக்கும்? என்ட மகள் அந்த வீட்டுல வாழ வேணாமா?”

எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையிலேயே கோபமும் இருந்தது. தறிக்குழியில் உட்கார்ந்து, பெருத்த வயிற்றைச் சேலைக்குள் மறைத்து, செத்தாலும் பரவாயில்லை, பெயர் கெடக்கூடாது என்று இருந்திருக்கிறார்.

“டாக்டருக்குக் கட்டாயம் சொல்லணும் உம்மா. வேற ஆருக்கும் சொல்லமாட்டன்.”

“மருமகனக் கொண்டு வேணாம்.” வார்டுப் பக்கம் பார்த்து, “கூட்டுற புள்ளையக் கொண்டும் வேணாம். அவ எங்கட தெருதான்” என்றார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி ஆள் என்றால் போதும், பெண் என்றால் போதும் என்று நினைத்திருந்தேன்.

“என்னைக் கொண்டு சம்மதமா?”

“ஓம்” என்றார்.

டாக்டர் வந்ததும் வார்டுக்கு வெளியிலேயே வழிமறித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தொப்பியைக் கழற்றினார். நேரே அந்தக் கட்டிலுக்குப் போனார். மருமகன் வழக்கம்போலக் கால்பக்கம் வந்து நின்றார். தயவுசெய்து வெளியே இருங்கள் என்றேன்.

“நான் பிழையாச் செல்லிட்டனா மிஸ்ஸி?” அவர் முகம் சுருங்கிவிட்டது.

“உங்கட இங்கிலீஷ்ல ஒரு பிழையும் இல்ல. பொம்புளைகள்ட விசயத்த ஒரு பொம்புள கேட்டாச் சுகம்” என்றேன். அவர் வெளியே போய்விட்டார். கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

மறைப்புத் துணியை இழுத்துவிட்டேன். பேச ஆரம்பித்ததும் என் நீளமான வாய் தன் வேலையைக் காட்டியது. டாக்டர் ஒன்று கேட்க, அந்தப் பெண் சொல்லி முடிக்கும் முன்பே, “போன நோன்புக்கு முன்பிருந்தே அதிகமாகப் போகிறது டாக்டர், கட்டியாகத்தான் இருக்க வேண்டும்” என்று பொழிந்தேன்.

“இது அவர் சொன்னதா, நீங்கள் சொன்னதா?” என்றார் டாக்டர்.

வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது நியாயம்தான். மருமகன் வெட்கத்தால் கேள்வியை விழுங்கினார், நான் அவசரத்தால் பதிலை முந்திக்கொண்டேன். அதன்பிறகு ஒழுங்கு வந்தது. டாக்டர் என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தே கேட்டார், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. நான் அதை அப்படியே தமிழில் கேட்டேன். அவர் முடிக்கும்வரை பொறுத்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். புரியாத இடத்தில் புரியவில்லை என்றேன். வயிற்றைப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டபோது அந்தப் பெண் தானே சேலையைத் தளர்த்தினார்.

கருப்பையில் கட்டி; மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பித்தான் எடுக்க வேண்டும். பிள்ளை இல்லை என்பதை டாக்டர் இரண்டுமுறை சொல்லச் சொன்னார். அந்தப் பெண் முதல்முறையாக முக்காட்டை விலக்கி அவர் முகத்தைப் பார்த்தார்.

டிக்கட்டைக் கையில் எடுத்த டாக்டர், “புதிதாக ஒன்று கொண்டுவாருங்கள், இதைக் கிழித்துவிடலாம்” என்றார். தான் எழுதிய “இரத்தப்போக்கு இல்லை” அவரை உறுத்தியிருக்க வேண்டும்.

“வேண்டாம் டாக்டர். அது அப்படியே இருக்கட்டும், கீழே எழுதுங்கள்.”

“ஏன்?”

“மட்டக்களப்பில் அறுவைக்கு எடுக்கிற டாக்டரும் தமிழ் தெரியாதவராக இருப்பார். கூடப் போவதும் இதே மருமகன். முதலில் எப்படிப் பிழை வந்தது என்று தெரியாவிட்டால் அங்கேயும் இதே பிழைதான் நடக்கும்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதினார். முதல்நாள் விவரம் மருமகன் மூலம் பெறப்பட்டது, இரத்தப்போக்கு பற்றிய கேள்வி நோயாளியிடம் கேட்கப்படவில்லை. இன்று வார்டுத் தாதி மூலம், தமிழில், நோயாளியின் சம்மதத்துடன், உறவினர் யாரும் இல்லாமல். திகதி, நேரம், என் பெயர். நோயாளி சொன்னது இது, டாக்டர் கண்டது இது என்று பிரித்துப் பிரித்து எழுதினார். இனிமேல் பெண் ஒருவர் மூலமே கேட்க வேண்டும், நோயின் விவரம் நோயாளி அனுமதியின்றி வீட்டாருக்குச் சொல்லக்கூடாது என்று கடைசியில் எழுதிக் கோடிட்டார்.

மட்டக்களப்புக்குப் போய் இரத்தம் ஏற்றி, கருப்பையை எடுக்க வேண்டும், போகாவிட்டால் உயிருக்கு ஆபத்து, போனாலும் அறுவையில் ஆபத்து உண்டு என்பதையெல்லாம் டாக்டர் சொல்ல, நான் சொன்னேன். அந்தப் பெண், “மருமகனக் கேளுங்க. வீட்டுல ஆம்புள அவர்தான்” என்றார்.

அப்போது நான் பேசவில்லை. பேசியிருந்தால் என் பேச்சாகப் போயிருக்கும். அவர் சொன்னதை மட்டும் சொன்னேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “வயிறு உங்களுடையது. நான் சொன்னதில் உங்களுக்கு என்ன விளங்கியது? அதைச் சொல்லுங்கள்” என்றார். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

அந்தப் பெண் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னார்: “இது புள்ள இல்ல, கட்டி. எடுக்காட்டி இரத்தம் போய் நான் மௌத்தாவன். எடுத்தாலும் அல்லாஹ் நாடினாத்தான் எழும்புவன். எழும்பினா மகள்ட புள்ளையத் தூக்கலாம்.” ஒரு மூச்சு எடுத்தார். “நான் போறன் மிஸ்ஸி. எழுதச் செல்லுங்க.”

அந்த வார்த்தைகளை அப்படியே டாக்டர் எழுதினார். அதன் கீழே அந்தப் பெண் விரல் அடையாளம் வைத்தார். மொழிபெயர்த்தவள் என்று நான் கையெழுத்திட்டேன். மருமகனிடம், வயிற்றில் கட்டி, பெரியாஸ்பத்திரியில் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் அந்தப் பெண் அனுமதித்தபடி சொன்னோம். டிக்கட்டின் பிரதியை உறையில் போட்டு ஒட்டி ஆம்புலன்ஸில் அவர்களோடு அனுப்பினோம். ஆம்புலன்ஸ் போனபிறகும் எனக்கு ஒரே கேள்விதான். உறையைப் பிரித்துப் படிக்க யாருக்கு நேரம் இருக்கும், இங்கிலீஷ் பேசும் மருமகன் பக்கத்திலேயே நிற்கும்போது?

சில மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெண் தானே நடந்து வார்டுக்கு வந்தார். உதட்டில் நிறம் வந்திருந்தது. இடுப்பில் பேரப்பிள்ளை. கட்டிப் பிடித்துக்கொண்டேன். மட்டக்களப்பில் எப்படிக் கேட்டார்கள், கடிதத்தைப் பார்த்தார்களா என்று முதலில் அதைத்தான் கேட்டேன்.

“அவங்க அதத் தொறக்கவே இல்ல மிஸ்ஸி. டாக்குத்தர் நேர மருமகன்ட முகத்தப் பாத்து இங்கிலீசுல கேக்கத் தொடங்கிட்டாரு. எனக்கு உசிரே போயிட்டு.”

“பிறகு?”

“மருமகன் என்னமோ இங்கிலீசுல செல்லிட்டு, உறையக் காட்டிட்டு, வெளிய போயிட்டாரு. கொஞ்ச நேரத்துல ஒரு மிஸ்ஸி வந்தா. பொறகு அந்த மிஸ்ஸிதான் எனக்குச் சென்னா, அவர் செல்லிட்டுப் போனது என்னெண்டு.” பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “‘என்னைக் கொண்டு கேட்டா மாமி இல்லையெண்டுதான் செல்லுவாங்க, ஒரு பொம்புளையக் கூப்பிடுங்க’ண்டு.”

பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன்.

“என்ட வருத்தம் என்னெண்டு அவர் இண்டைக்கு வரைக்கும் கேக்கல்ல” என்றார் அவர்.