கார்த்திகை பன்னிரண்டு

என் தங்கைக்குக் கரடியனாற்று வட்டையில் இரண்டு ஏக்கர் வயல் உண்டு. கணவர் காலமான பிறகு தானே முன்னின்று வேளாண்மை செய்விக்கிறாள். அந்தப் பெரும்போகத்தில் ஐம்பது நாள் பயிரை வெள்ளம் மூடி, ஆறு நாட்கள் வடியாமல் நின்றது. வயலுக்குக் காப்புறுதி இருந்தது. நட்டஈடு வந்தால்தான் அடுத்த போகத்துக்கு விதைநெல். ஆகவே காப்புறுதிக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதவேண்டியிருந்தது. பதிகங்களோடு வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் அப்பொறுப்பு என்னிடம் வந்தது.

படங்களை அவளே எடுத்திருந்தாள். வெள்ளம் வந்த அன்று வாய்க்கால் கட்டில் நின்று, எல்லை மருதமரம் தெரியும்படி மூன்று. தண்ணீர் வடிந்த அன்று அதே இடத்தில் நின்று மூன்று. முதல் மூன்றில் மரமும் தண்ணீரும். பின் மூன்றில் மரமும், சேற்றோடு படிந்து அழுகிய பயிரும். ஒவ்வொன்றின் அடியிலும் கைத்தொலைபேசி திகதியைப் பதித்திருந்தது.

நான் கடிதத்தை அதற்குரிய பயபக்தியோடு தொடங்கினேன். அருளாய்ப் பொழியவேண்டிய மழை ஊழிப் பெருக்காய் எழுந்து, கார்த்திகைத் திங்கள் பன்னிரண்டாம் நாள் வயல் முழுவதையும் ஆட்கொண்டது என்று எழுதினேன். இறைவன் அடியாரை ஆட்கொள்வதைச் சொல்லும் சொல்லை வெள்ளத்துக்குக் கொடுத்ததில் எனக்குச் சற்றுப் பெருமிதமும் இருந்தது.

தங்கை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணன், படத்தில நவம்பர் இருபத்தேழு என்டு கிடக்கு. நீங்க என்ன கார்த்திகை பன்னிரண்டு என்டு போட்டிருக்கீங்க?"

"இரண்டும் ஒரே நாள்தான். பஞ்சாங்கத்தைப் பார்."

"கந்தோரில பஞ்சாங்கம் பாத்தா காசு குடுக்கிறாங்க?"

திகதியை அப்படியே விட்டேன். நம் நாட்டில் நவம்பரையே கார்த்திகை என்று எழுதும் வழக்கம் உண்டு. அது பிழை என்று நாற்பது வருடமாகச் சொல்லிவருபவன் நான். பிழைக்கு இடம்கொடுக்க மனம் ஒப்பவில்லை.

வெள்ளம் மூடியிருந்த பாதை திறந்ததும், விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவரின் முத்திரையை வாங்கி, கடிதத்தையும் படங்களையும் அவள் கமநல சேவை நிலையத்தில் கொடுத்தாள். அங்கிருந்து அவை காப்புறுதிக் கந்தோருக்குப் போயின. சில நாளில் எங்கள் இருவரையும் அழைத்தார்கள்.

உத்தியோகத்தர் என் மகள் வயதுப் பெண். கடிதத்தின் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"ஐயா, வெள்ளம் ஆக்களையும் கொண்டுபோனதா?"

"இல்லையே."

"ஆட்கொண்டது என்டு எழுதியிருக்கீங்க."

தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் சொல்லின் பொருளை விளக்கத் தொடங்கினேன். உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"சரி ஐயா. ஆனா நவம்பர் பன்னிரண்டில வெள்ளம் என்டு எழுதியிருக்கீங்க. அண்டைக்கு அந்தப் பக்கம் வெள்ளமே இல்ல. அண்டைக்குத்தான் என்டாலும், அழிவை உடனே அறிவிக்கவேணும். மூண்டு கிழமைக்குப் பிறகு தந்திருக்கீங்க. படத்தில வேற திகதி. இப்பிடியே விட்டா இந்தக் கோரிக்கை நிராகரிக்கப்படும்."

நான் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தேன். அதை அவர் இரு கைகளாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் செய்தார். பிறகு அதே மரியாதையோடு என்னிடமே திருப்பித் தந்தார்.

"இத பைலுக்குள்ள போட ஏலாது ஐயா. திருத்தி ஒரு கடிதம் தாங்க. பழைய கடிதத்தோட இணைக்கிறன்."

பேனாவை எடுக்கப் போனேன். தங்கை என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க சும்மா இரிங்க. போதும் நீங்க ஆட்கொண்டது."

மேசையின் ஓரத்திலேயே எழுதினாள். நவம்பர் இருபத்தேழில் வெள்ளம் வந்தது. ஆறு நாள் நின்றது. இரண்டு ஏக்கரும் அழுகிவிட்டது. முந்திய கடிதத்தில் இருப்பது பஞ்சாங்கத் திகதி. படங்களைப் பார்க்கவும். எழுவாயைத் தேடவேண்டியிருந்த வசனம் ஒன்றும் அதில் இருந்தது. நான் குறிப்பிடவில்லை.

மறுவாரம் வயல் பார்க்க வந்த பரிசோதகர், தங்கை காட்டிய வாய்க்கால் கட்டிலேயே நின்று, படத்தையும் மருதமரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சேற்றில் இறங்கி ஒரு நெல்தூரைப் பிடுங்கினார். அது வேரோடு கையில் வந்தது. என் கடிதத்தை அவர் விரிக்கவேயில்லை. இரண்டு ஏக்கரும் முழு அழிவு என்று படிவத்தில் எழுதிவிட்டு, சாட்சிக்குக் கையெழுத்து வைக்கும்படி என்னிடம் நீட்டினார்.

வைத்தேன். பக்கத்தில் திகதிக்கு ஒரு கட்டம் இருந்தது. பேனா சற்று நின்றது.

"அண்ணன்," என்றாள் தங்கை, என் தோளுக்குப் பின்னால் நின்று.

மாதத்தையும் இலக்கத்திலேயே எழுதினேன்.